அடகுக் கடைக் காட்சியை எப்படிப் பிரித்து எடுப்பது?

கேள்வி: கைபேசியில் குறும்படம் எடுக்கிறேன். ஒரு அம்மா அடகுக் கடைக்குச் சங்கிலியைக் கொண்டுவருகிறார். கடைக்காரர் எடை போட்டுத் தொகை சொல்கிறார். அது போதாமல், காதில் இருக்கும் கம்மலையும் கழற்றி வைக்கிறார். வைட், மிட், க்ளோஸ் மூன்றும் எடுத்தேன். சேர்த்துப் பார்த்தால் ஷாட்டுகள் துள்ளுகின்றன; கம்மல் கழற்றும் இடத்தில் அழுத்தமும் இல்லை. எதை எங்கே வைப்பது?

பதில்: உங்கள் படத்தில் இருப்பவை இரண்டு தனித்தனிக் குறைகள். ஷாட்டுகள் துள்ளுவது எடுக்கும்போது நேர்ந்த பிழை. அழுத்தம் இல்லாதது அடுக்கும்போது நேர்ந்த பிழை. முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதைத் தொட முடியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எடிட் செய்த படத்தில் துள்ளும் இடத்தில் நிறுத்துங்கள். வெட்டுக்கு முந்தைய பிரேமையும் பிந்தைய பிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த அம்மாவின் தலை எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் என்றே நினைக்கிறேன். இடுப்புவரை ஒரு ஷாட், அதே இடத்தில் நின்றபடி கொஞ்சம் நெருக்கி மார்புவரை இன்னொரு ஷாட் என்று எடுத்திருப்பீர்கள். பார்ப்பவருக்கு அது புதிய ஷாட்டாகத் தெரியாது. அதே படம் திடீரென உலுக்கப்பட்டது போலத் தெரியும். வெட்டு உறுத்தாமல் இருக்க அளவும் கோணமும் இரண்டுமே நன்றாக மாற வேண்டும். நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: ஒரே ஆளுக்கு நெருங்கும்போது, அடுத்த ஷாட்டில் தலையின் அளவு குறைந்தது இரு மடங்காக வேண்டும். காமிராவும் 30 டிகிரியாவது நகர்ந்திருக்க வேண்டும். இந்த 30 டிகிரி உலகெங்கும் எடிட்டர்கள் கடைப்பிடிக்கும் பழைய வழக்கம்.

அளவைத் தலையை வைத்தே பிடித்துக்கொள்ளலாம். ஆள் முழுதாகத் தெரிந்து, சுற்றி இடமும் தெரிந்தால் அது வைட். தலை சிறிதாக இருக்கும். இடுப்புக்குச் சற்று மேலிருந்து தலைவரை மிட். தலை பிரேமின் உயரத்தில் கால் பங்கு வரும். தோளிலிருந்து மேலே க்ளோஸ். தலை மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். க்ளோஸில் நெற்றிக்கு மேல் முடி கொஞ்சம் வெட்டுப்பட்டால் பரவாயில்லை, தாடை வெட்டுப்படக் கூடாது. எந்த அளவிலும் முழங்கால், மணிக்கட்டு போன்ற மூட்டுகளில் பிரேமின் விளிம்பு வராமல் பாருங்கள். உறுப்பு துண்டானது போலத் தெரியும்.

கைபேசியில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதன் 1x லென்ஸ் அகன்ற லென்ஸ். அதைக் கொண்டு முகத்துக்கு ஒன்றரை அடியில் போய் க்ளோஸ் எடுத்தால் மூக்கு புடைத்து, காதுகள் பின்வாங்கிவிடும். காதில் இருக்கும் கம்மல்தான் உங்கள் காட்சியின் உயிர், அது பின்வாங்கலாமா? உங்கள் கைபேசியில் 2x அல்லது 3x என்று தனி லென்ஸ் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள். தனி லென்ஸ் இல்லாமல் திரையில் விரலால் பெரிதாக்கினால் படத்தின் நுணுக்கம் குறையும். அப்போது 1x இலேயே மூன்றடி தள்ளி, காதும் தோளும் சேர்ந்து தெரியும் சற்றுத் தளர்வான க்ளோஸ் போதும்.

இனிக் கடைக்குள் போவோம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் கடைக்காரர். இருவர் கண்களையும் இணைத்து ஒரு கோடு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கற்பனையில் விடாமல் சாக்பீஸால் தரையிலேயே போட்டுவிடுவது நல்லது. காமிரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில்தான் காட்சி முழுவதும் நிற்க வேண்டும். அம்மா திரையின் இடப்பக்கம் நின்று வலப்பக்கம் பார்க்கிறார் என்றால், வைட், மிட், க்ளோஸ் எல்லாவற்றிலும் அவர் வலப்பக்கம்தான் பார்ப்பார். கடைக்காரர் இடப்பக்கம் பார்ப்பார். நான் முதன்முதலில் எடுத்த இருவர் காட்சியில், வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று ஒருவருடைய மிட் ஷாட்டுக்கு மட்டும் கோட்டைத் தாண்டிப் போனேன். எடிட்டில் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசினார்கள், மூன்றாவது ஆள் ஒருவரிடம் பேசுவதைப் போல. அந்த ஷாட்டை எந்த இடத்தில் வைத்தும் மீட்க முடியவில்லை.

எடுக்கும் வரிசை வேறு, திரையில் வரும் வரிசை வேறு. முதலில் வைட்டில் முழுக் காட்சியையும், அம்மா உள்ளே வருவது முதல் வெளியே போவது வரை, நிறுத்தாமல் எடுங்கள். இதுதான் மாஸ்டர் ஷாட். பிறகு கடைக்காரரின் தோளுக்கு மேலாக அம்மாவின் மிட், அம்மாவின் க்ளோஸ் என்று அவர் பக்கத்தை முழுவதும் முடியுங்கள். அதன்பின் காமிராவைத் திருப்பி, அம்மாவின் தோளுக்கு மேலாகக் கடைக்காரரை எடுங்கள். கடைசியாகத் தராசு, கை போன்ற பொருள் ஷாட்டுகள். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி எடுத்தால் வாசல் வெளிச்சம் அதற்குள் மாறிவிடும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோக்கஸையும் பூட்டிக்கொள்ளுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று மேலே தோன்றும். இல்லாவிட்டால் ஆள் அசையும்போதெல்லாம் படம் வெளுத்துக் கறுக்கும்.

ஒவ்வொரு ஷாட்டையும் தேவைப்படும் இடத்துக்கு ஒரு வசனம் முன்பே தொடங்கி, ஒரு வசனம் பின்பே முடியுங்கள். அம்மா பர்ஸைத் திறக்கும் செயல் வைட்டிலும் இருக்க வேண்டும், மிட்டிலும் இருக்க வேண்டும், இரண்டிலும் அதே கையால் நடக்க வேண்டும். ஏனென்றால் வெட்டை ஒளிக்க மிகச் சிறந்த இடம் அசைவின் நடுப்பகுதி. வைட்டில் அவர் குனிந்து பர்ஸின் ஜிப்பை இழுக்கத் தொடங்குகிறார். ஜிப் பாதி வந்ததும் மிட்டுக்கு வெட்டுங்கள். பார்ப்பவரின் கண் கையோடு போய்க்கொண்டிருப்பதால் ஷாட் மாறியதை உணராது. அசைவு முடிந்து எல்லாம் நின்றபின் வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் தனியாகத் தெரியும். உங்களுடைய துள்ளலில் பாதி இதனால் வந்திருக்கலாம்.

அழுத்தம் இல்லாததற்குக் காரணம், நீங்கள் க்ளோஸை முன்னாலேயே செலவழித்துவிட்டதாக இருக்கலாம். அம்மா "வணக்கம்" சொல்லும்போதே முகத்தை நிறைத்துக் காட்டிவிட்டால், கம்மலுக்குக் கை போகும்போது நெருங்க இடமில்லை. ஆகவே பின்னாலிருந்து யோசியுங்கள். காட்சி திரும்பும் இடம் எது? கை காதுக்குப் போகும் கணம். முகத்தின் க்ளோஸ் அதற்கு மட்டும்.

நான் இப்படி அடுக்குவேன். வைட்டில் தொடக்கம், ஆறேழு விநாடி: அம்மா வருகிறார், வாசலைத் திரும்பிப் பார்க்கிறார், கவுண்டர் முன் நிற்கிறார். கடை எவ்வளவு பெரிது, யார் எங்கே, வாசல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் இதிலேயே தெரிந்துவிடும். பர்ஸ் திறக்கும்போது அம்மாவின் மிட். சங்கிலியை நீட்டும் கையைப் பின்தொடர்ந்து கடைக்காரரின் மிட். அவர் அதைத் தராசில் வைக்கிறார். இங்கே தராசின் க்ளோஸ், இரண்டு விநாடி. எண் ஏறி நிற்பதைப் படிக்க அந்த நேரம் தேவை; அதற்கு மேல் வேண்டாம். பொருளின் க்ளோஸை இங்கே பயன்படுத்துவதால் முகத்தின் க்ளோஸ் வீணாவதில்லை.

அடுத்து கடைக்காரர் தொகையைச் சொல்கிறார். இங்கே பேசுபவரைக் காட்டாதீர்கள். அவர் வாயைத் திறக்கும்வரை அவர் மேல் இருங்கள். எண் ஒலிக்கத் தொடங்கியதும் அம்மாவின் மிட்டுக்கு வாருங்கள். தொகை என்ன என்பதைக் காது சொல்லிவிடும். அது போதுமா போதாதா என்பதை முகம்தான் சொல்லும். அந்த ஷாட்டில் மூன்று நான்கு விநாடி மௌனமாக இருங்கள். நடிகையிடம் முகத்தைச் சுருக்கச் சொல்ல வேண்டாம். சோவியத் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்த சோதனை ஒன்றைத் திரைப்படப் பள்ளிகளில் இன்றும் சொல்வார்கள்: உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை, ஒரு கிண்ணம் சூப்புக்குப் பின்னும் ஒரு சவப்பெட்டிக்குப் பின்னும் வைத்தபோது, பார்த்தவர்கள் பசியையும் துயரத்தையும் அதில் கண்டார்களாம். தராசும் தொகையும் முன்னால் வந்துவிட்டதால் உங்கள் அம்மாவின் அசையாத முகமே போதும்.

இப்போது அவர் கை மேலே எழுகிறது. எழும் அசைவின் நடுவில் க்ளோஸுக்கு வெட்டுங்கள். கோணம் சற்றுப் பக்கவாட்டில், அவர் நம் பக்கம் காட்டும் காது தெரியும்படி. கை பிரேமுக்குள் வந்து கம்மலைத் தொட்டு, திருகைக் கழற்றுகிறது. இதை வெட்டாமல் முழுவதும் விடுங்கள். திருகு சிக்கி அவர் இரண்டாம் முறை முயன்றால், அந்த டேக்கைத்தான் வையுங்கள். பிறகு கடைக்காரரின் மிட், ஒரே ஒரு விநாடி: அவர் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறார். அவருக்கு க்ளோஸ் கொடுத்தால் காட்சி அவருடையதாகிவிடும்.

முடிவில் மறுபடி வைட். ஆள் இடம் மாறும்போது அகன்ற ஷாட்டுக்குத் திரும்புவது பார்ப்பவருக்கு இடத்தை நினைவூட்டும். இங்கே இன்னொரு பயனும் உண்டு: அத்தனை நெருக்கத்துக்குப் பின் அதே பழைய இடத்தில் அவர் சிறிதாகத் தெரிவார். முதல் வைட்டை எடுத்த இடத்திலேயே காமிராவை வையுங்கள், ஒரு விரல்கூட நகர்த்த வேண்டாம். அவர் வெளியேறிய பின் இரண்டு விநாடி வாசலைக் காட்டி முடியுங்கள்.

மறுபடி அந்தக் கடையில் எடுக்க அனுமதி கிடைக்காது என்றால், தராசை மட்டும் வீட்டில் எடுத்துச் சேர்க்கலாம். கவுண்டரின் நிறத்தில் ஒரு பலகை, அதே சங்கிலி, கடைக்காரருடையதை ஒத்த சட்டை அணிந்த கை, வெளிச்சம் கடையில் வந்த அதே திசையிலிருந்து. துள்ளும் இரண்டு மிட் ஷாட்டுகளுக்கு நடுவே அதை வைத்தால் அந்த இடத்தில் துள்ளல் மறைந்துவிடும்.