செவ்வாயின் மென்காற்றும் கோளையே மூடும் புழுதியும்: கேள்வி பதில்

கேள்வி: செவ்வாயில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் புயல் அடிக்கிறதாமே, நிற்பவரைத் தூக்கி எறிந்துவிடாதா?

பதில்: எறியாது. அங்கே தரைமட்டக் காற்றின் அடர்த்தி நம்முடையதில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கே. காற்றின் தள்ளுவிசை அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது என்பதால், அந்தப் புயல் இங்கே மணிக்கு 13 கி.மீ. வேகத்தில் வீசும் இளங்காற்றின் அளவுக்குத்தான் உடலைத் தள்ளும்.

கேள்வி: இளங்காற்று எப்படிக் கோள் முழுவதையும் மூடும்?

பதில்: புயலை வளர்ப்பது காற்றின் தள்ளுவிசையன்று, வெயில். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணற்பரல்கள் தத்தித் தத்திச் சென்று தரையில் மோதும்போது, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் மிக நுண்ணிய தூசி விடுபட்டு மேலே எழுகிறது. அந்தத் தூசி வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்க, சூடான காற்று மேலேற, அந்த இடத்தை நிரப்பத் தரையோடு விரைந்து வரும் காற்று மேலும் தூசியைக் கிளப்புகிறது. தென்கோளத்தின் வசந்தத்திலும் கோடையிலும் செவ்வாய் சூரியனுக்கு நெருங்கி வருவதால், பெரும்புயல்கள் அந்தப் பருவத்தில்தான் எழுகின்றன.

கேள்வி: 2018-இல் செவ்வாயில் இயங்கிக்கொண்டிருந்த நாசாவின் ஆப்பர்சூனிட்டி ஊர்தி புழுதியில் புதைந்துதானே போனது?

பதில்: புதையவில்லை, இருளில் மூழ்கியது. மே மாத இறுதியில் செவ்வாயைச் சுற்றிவரும் கலன் ஒன்று ஊர்தி இருந்த பகுதிக்கு அருகே புயலைக் கண்டது. சில வாரங்களுக்கு முன் நாளொன்றுக்கு 645 வாட்-மணி ஈட்டிய சூரியத் தகடுகள், ஜூன் 10 அன்று 22 வாட்-மணியே ஈட்டின. ஊர்தியின் கடைசிச் செய்தியும் அன்றுதான் வந்தது. ஜூன் 20 வாக்கில் புயல் கோளைச் சூழ்ந்துவிட்டது. ஒரே மேகம் ஊர்ந்து சென்று மூடியதாக எண்ண வேண்டாம். தொலைவில் புதிய இடங்களிலும் தூசி கிளம்பி, எல்லாம் ஒன்றாகக் கலந்தன.

கேள்வி: எங்கள் மாடியிலுள்ள தகடுகளைக் கழுவினால் மின்சாரம் திரும்பிவிடுகிறது. ஊர்திக்கும் ஒரு துடைப்பான் வைத்திருக்கலாமே?

பதில்: உங்கள் வீட்டில் தூசி தகட்டின் மேல் இருக்கிறது, புயலின்போது அது தகட்டுக்கும் சூரியனுக்கும் நடுவே வானத்தில் நின்றது. புயல் ஓய்ந்தபின் தகட்டில் படிந்த தூசிக்கு உங்கள் யோசனை பொருந்தும். அதற்கு முன்பு பல ஆண்டுகள் அந்தத் தகடுகளை அவ்வப்போது துடைத்துவிட்டது செவ்வாயின் காற்றேதான் என்பதை நினைக்கும்தோறும் வியப்பாக இருக்கிறது.

கேள்வி: தெற்குக் கோடை செவ்வாயாண்டுதோறும் வருகிறது. 2007-க்குப் பிறகு 2018 வரை கோளளாவிய புயல் ஏன் இல்லை?

பதில்: இது இன்னும் தீராத கேள்வி. எளிதில் கிளம்பக்கூடிய தூசி சில இடங்களில் தீர்ந்துபோய், மீண்டும் சேரப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பது ஒரு விளக்கம். எனக்கு அது ஏற்புடையதாகப் படுகிறது. ஆயினும் வட்டாரப் புயல்களில் எது பெருகும், எது அடங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அது போதவில்லை.