குளிர்காலம் முழுக்கச் சும்மா தொங்கிய சீலிங் ஃபேன்

கேள்வி: குன்னூர் பக்கம் வீடு. மாசக்கணக்கா போடாத ஃபேனை ஏப்ரல்ல போட்டா உர்ருனு சத்தம், வேகமே இல்ல, லேசா ஆட்டமும் இருக்கு. காயில் போச்சு, புதுசு வாங்குங்கன்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். கண்டென்சர் மாத்திப் பார்க்கலாமா?

தாராளமாக மாற்றிப் பார்க்கலாம். ஆனால் மாற்றியதும் ஆட்டம் கூடும், அதற்குக் கண்டென்சரைத் திட்டாதீர்கள். மெதுவாக ஓடும்போது வெளியே தெரியாமல் இருந்த இறக்கைக் கோளாறு, வேகம் வந்ததும் தெரிய ஆரம்பிக்கும், அவ்வளவுதான். சத்தமும் வேகமும் ஒரு விஷயம், ஆட்டம் வேறு விஷயம். இரண்டையும் சேர்த்துக் குழப்பித்தான் நல்ல ஃபேன்கள் காயலான் கடைக்குப் போகின்றன. ("நீலகிரியில் ஃபேன் எதுக்கு" என்று கேட்க வருபவர்கள் மே மாதம் மதியம் கூடலூரிலோ குன்னூர் தகர வீட்டிலோ ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து கேட்கவும்.)

எதையும் கழற்றும் முன் சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் லேசாகச் சுற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் நாலைந்து சுற்று தானாகப் போய் நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரவென்றோ கனமாகவோ வந்தால் பேரிங்கில் துரு, அல்லது கிரீஸ் இறுகிவிட்டது. குளிரிலும் ஈரத்திலும் கிடந்த ஃபேனுக்கு இது சகஜம். இறுகிய கிரீஸ் என்றால் பத்து நிமிடம் ஓடியதும் இளகி வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கண்டென்சர் வீக் என்றால் எவ்வளவு நேரம் ஓடினாலும் வேகம் ஏறாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்த ஒரு சோதனை போதும்.

அடுத்தது ரெகுலேட்டர். ஃபுல்லில் வைத்துப் பாருங்கள். ஃபுல்லில் சத்தமில்லாமல் ஓடி, நடு வேகங்களில் மட்டும் உறுமினால் அது திருகும் வகை டிம்மர் ரெகுலேட்டரின் வேலை. ஸ்டெப் வகைக்கு மாற்றினால் தீர்ந்தது. ஃபுல்லிலும் மெதுவாக இருந்தால்தான் மேலே ஏறணும்.

அதற்கும் முன்னால் மல்டிமீட்டரில் வீட்டு வோல்டேஜைப் பாருங்கள். ஃபேன் மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230க்குப் பதில் 180 வந்தால் இழுவையில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் போய்விடும். எஸ்டேட் லைன் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு இது தினப்படி கதை. சீசனில் சாயங்காலம் பக்கத்துக் காட்டேஜ்களில் எல்லா கீசரும் ஒரே நேரத்தில் போட்டால் நம் வீட்டு பல்பே மங்குகிறது. வருடா வருடம் ரூம்கள் கூடுகின்றன, டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் பழையதுதான். சரி, அந்தப் புலம்பல் இங்கே வேண்டாம். சாயங்காலம் மட்டும் மெதுவாக ஓடி, நடு இரவில் நன்றாக ஓடினால் ஃபேன்மேல் குற்றமில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தால் கண்டென்சர்தான். இந்த மோட்டாரில் இரண்டு சுருள் உண்டு. ஒன்று நேரடியாக மின்சாரம் எடுக்கும். மற்றது கண்டென்சர் வழியாக, கொஞ்சம் கட்டம் மாறி எடுக்கும். அந்த வித்தியாசம்தான் ஃபேனைச் சுழற்றுகிறது. கண்டென்சரின் மதிப்பு குறையக் குறைய இரண்டாவது சுருளின் உதவி குறையும்; மோட்டார் உறுமும், வேகம் வராது. அறவே செத்துவிட்டால் ஃபேன் கிளம்பவே கிளம்பாது. ஒரு நீளக் குச்சியால் தள்ளிவிட்டால் தள்ளின பக்கமே சுற்றும். அப்படிச் சுற்றினால் காயில் எரியவில்லை என்றும் பெரும்பாலும் நம்பலாம். காயில் எரிந்த ஃபேனில் வார்னிஷ் கருகின நாற்றம் வரும், கொஞ்ச நேரத்திலேயே பாடியில் கை வைக்க முடியாத சூடு வரும், அல்லது எம்சிபி விழும்.

மாற்றும்போது சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அணைத்தாலும் ஃபேனில் பேஸ் இருக்கும். எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பாருங்கள். மேல் கப்பை இறக்கினால் கனெக்டரும் அதன் பக்கத்தில் இரண்டு ஒயர் உள்ள கண்டென்சரும் தெரியும். கைப்பிடி இன்சுலேட் ஆன ஸ்க்ரூடிரைவரால் அதன் இரு முனைகளையும் ஒரு முறை தொட்டு, மிச்ச சார்ஜைப் போக்குங்கள். எந்த ஒயர் எதில் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கண்டென்சருக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, ஆனால் வேறு முனையில் மாட்டினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றிக் காற்றை மேலே தள்ளும்.

பழையதின் மேல் எழுதியிருக்கும் மதிப்பையே வாங்குங்கள். 1200 மில்லிமீட்டர் ஃபேன்களில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், சிலவற்றில் 3.15; வோல்டேஜ் 440 ஏசி. மீட்டரில் வைத்தால் 2.5 என்று எழுதினது 1.7 காட்டலாம், வீங்காமல், வெடிக்காமல், பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். "பெரிசாப் போடுங்க, இன்னும் வேகமா ஓடும்" என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டாவது சுருளில் கரண்ட் கூடிச் சூடாகும், சத்தமும் கூடும்.

இனி ஆட்டம். கப்பு திறந்திருக்கும்போதே கொக்கி, ரப்பர் ரீல், டவுன் ராடின் இரு முனை போல்ட், அவற்றின் காட்டர் பின் எல்லாவற்றையும் பாருங்கள். பலகை சீலிங் வீடுகளில் கொக்கி மரச் சட்டத்தில் ஏறியிருக்கணும். வெறும் பலகையில் ஏறியிருந்தால் எந்த பேலன்சும் பலிக்காது, ஆபத்தும் கூட.

பிறகு இறக்கைகளை ஈரத் துணியால் மேல்பக்கம் துடையுங்கள். சீலிங்கில் ஒரே இடத்தில் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு இறக்கையின் நுனியையும் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து அளங்கள். ஸ்கேலை நகர்த்தினால் சமமில்லாத பலகை உங்களை ஏமாற்றும். உதாரணமாக 31.0, 31.2, 32.4 சென்டிமீட்டர் வந்தால் மூன்றாவது இறக்கை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தொங்குகிறது. அதன் ஸ்க்ரூக்களை முறுக்குங்கள், துருப்பிடித்தவற்றை மாற்றுங்கள். அதன்பின்னும் 31.9 என்றால் இறக்கையைத் தாங்கும் பட்டை வளைந்திருக்கிறது. இறக்கையை வளைக்காமல், பட்டை பக்கம் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். மூன்றும் மூன்று மில்லிமீட்டருக்குள் வந்தால் போதும். நுனிக்கு நுனி தூரமும் மூன்று பக்கமும் ஒன்றாக இருக்கணும்.

அளவு சரியாகியும் ஆடினால் எடை வித்தியாசம். ஒரு ரூபாய் நாணயத்தை முதல் இறக்கையின் மேல்பக்கம் நடுவில் நன்றாக டேப் போட்டு ஒட்டி ஓட்டிப் பாருங்கள். பிறகு இரண்டாவதில், மூன்றாவதில். எதில் ஆட்டம் குறைகிறதோ அதில் நாணயத்தை நுனிப்பக்கமும் உள்பக்கமும் நகர்த்தினால் நிற்கும் இடம் கிடைக்கும். வேறு ஃபேனின் இறக்கை ஒன்று கலந்திருந்தால் நாணயத்தில் தீராது. இறக்கைகளை எடை பொருத்தி செட்டாகத்தான் தருகிறார்கள், செட்டாகவே மாற்றணும்.

ரிமோட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஆட்டம் பற்றிய பகுதி மட்டும்தான் பொருந்தும். அதில் இந்தக் கண்டென்சர் கிடையாது. வேகம் குறைந்தால் உள்ளே இருக்கும் போர்டைத்தான் பார்க்கணும்.