பாலிப்னு பேர் வந்தாலே பித்தப்பைய எடுத்திடணுமா?

கேள்வி: வயசு 36. மாஸ்டர் செக்கப் ஸ்கேன்ல பித்தப்பைல 5 மிமீ பாலிப், சுவர் லேசா தடிச்சிருக்குன்னு போட்டிருக்கு. வலி எதுவும் இல்ல. கேன்சர் ஆகும்னு சொல்றாங்க, ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?

நான் டாக்டர் இல்ல, மொதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் கமெண்ட்ல வந்து சண்டை போடாதீங்க. ஆனா சுவர் தடிச்சிருக்குன்னு எங்க வீட்லயும் ரெண்டு பேர் ரிப்போர்ட்ல வந்திருக்கு, ஒருத்தருக்கு ஒண்ணுமே பண்ணல, இன்னொருத்தருக்கு பித்தப்பையவே எடுத்தாச்சு, அதனால கொஞ்சம் பேச உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

உங்க விஷயம் மொதல்ல. பாலிப்னா பித்தப்பையோட உள்சுவர்ல துருத்திக்கிட்டு நிக்கிற சின்ன வளர்ச்சி. செக்கப் பேக்கேஜ்னா கூட்டம், டோக்கன்னு இழுத்தடிப்பாங்க, நீங்க அனேகமா நடுவுல ஒரு காபியோ பிஸ்கட்டோ சாப்ட்டுட்டுதான் ஸ்கேனுக்கு படுத்திருப்பீங்க. சாப்ட்டா பித்தப்பை சுருங்கி பித்தத்த வெளிய தள்ளும், சுருங்குனா சுவர் தடிமனா தெரியும். 3 மிமீ வரைக்கும் நார்மல்னு சொல்றதே வெறும் வயித்துல பாக்குற கணக்குதான். அதனால ஆறு மணி நேரமாவது சாப்டாம போய் திரும்ப ஒரு தடவ பாருங்க, பாதி பேருக்கு அந்த 'லேசா தடிப்பு' அங்கயே காணாம போயிடும்னு எங்களுக்கு ஸ்கேன் பண்ண டாக்டரே சொன்னார்.

அப்டி போகலன்னாலும் பயப்பட வேணாம், எனக்கு டெங்கு வந்தப்ப சுவர் 8 மிமீ இருந்துச்சு. டெங்குல ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு பித்தப்பை சுவருக்குள்ள போய் தேங்குது, அதான் வீக்கம். கல்லும் இல்ல பாலிப்பும் இல்ல. காய்ச்சல் போய் கொஞ்ச நாள்ல பழைய மாதிரி ஆயிடுச்சு. மஞ்சள் காமாலை, லிவர் சிரோசிஸ், இதயம் சரியா பம்ப் பண்ணாதது, ரத்தத்துல ஆல்புமின் கம்மியா இருக்கிறது, இதுலயும் இப்டி சுத்தி சமமா வீங்கும். இங்க சிக்கல் பித்தப்பைல இல்ல, வேற எங்கயோ இருக்கு. பயப்பட வேண்டியது ஒரு பக்கம் மட்டும் தடிச்சிருக்கிறது, அதுவும் மேடும் பள்ளமுமா இருந்து லிவர் பக்கத்து எல்லைக்கோடு அழிஞ்ச மாதிரி தெரிஞ்சா. அதனால ரிப்போர்ட்ல தடிப்பு இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, சுத்தி இருக்கா, ஒரு இடத்துல இருக்கான்னு கேளுங்க.

இப்ப அம்மா கதை. அதான் எங்க வீட்ல இன்னைக்கும் ஓயாத சண்டை. அம்மாவுக்கு 64 வயசு, வலி கிடையாது, கல் கிடையாது. வேற எதுக்கோ எடுத்த ஸ்கேன்ல 8 மிமீ பாலிப். காம்பு இல்லாம அடிப்பக்கம் அகலமா சுவரோட ஒட்டிக்கிட்டு இருக்கு, செசைல்னு போட்டிருந்தாங்க. அது ஒட்டியிருந்த இடத்துல மட்டும் சுவர் 5 மிமீ, மத்த இடமெல்லாம் 2தான். அம்மாவ ஒருக்களிச்சு படுக்க வச்சு பாத்தாங்க, நகரல, அப்ப கல் இல்லன்னு ஆயிடுச்சு. மொதல்ல பாத்த டாக்டர் "10 மிமீக்கு கீழதான, ஆறு மாசம் கழிச்சு பாக்கலாம்"னுட்டார். மனசு ஒப்பல, குடல் சர்ஜன் ஒருத்தர்ட்ட போனோம். அவர் ரிப்போர்ட்ட ரெண்டு தடவ படிச்சுட்டு சொன்னது இதான்: 10 மிமீங்கிறது எல்லாருக்கும் பொதுவான கோடு, அத தாண்டுனா வயசு எதுவா இருந்தாலும் எடுக்கச் சொல்வோம், ஆனா 6ல இருந்து 9க்குள்ள இருந்தா ஆள பாக்கணும். 60 வயசு தாண்டியாச்சா, காம்பு இல்லாத பாலிப்பா, பக்கத்து சுவர் 4 மிமீக்கு மேல தடிச்சிருக்கா, பித்தக்குழாய் சுருங்குற பிஎஸ்சினு ஒரு நோய் இருக்கா. இதுல ஒண்ணு இருந்தாலே எடுக்கச் சொல்லி 2022ல வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லுது, அம்மாவுக்கு மூணு இருக்கு.

அந்த லிஸ்ட்ல 'ஆசியர்'னும் ஒண்ணு இருக்கு, அத படிச்சுட்டு யாரும் அலற வேணாம். நம்ம நாட்டுல பித்தப்பை கேன்சர் அதிகம் இருக்கிறது பீகார், உத்தரப் பிரதேசம்னு கங்கை ஓரம்தான், தெற்க ரொம்ப கம்மி. அதே 2022ல அமெரிக்க ரேடியாலஜி ஆளுங்க போட்ட வழிகாட்டுதல் இன்னும் நிதானம், மெல்லிசு காம்புல தொங்குற பாலிப் 9 மிமீ வரைக்கும் இருந்தா திரும்ப ஸ்கேனே வேணாம்னு சொல்லுது. அதனால ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொன்னா ஒருத்தர் ஏமாத்துறார்னு அர்த்தமில்ல.

ஆபரேஷனுக்கு முன்னாடி கான்ட்ராஸ்ட் சிடி எடுத்தாங்க, லிவருக்குள்ள எதும் இறங்கியிருக்கான்னு பாக்க. இறங்கியிருந்தா சாதாரண லேப்ராஸ்கோபி பண்ணக்கூடாதாம், லிவர்ல ஒரு துண்டும் நெறிக்கட்டியும் சேத்து எடுக்குற பெரிய ஆபரேஷனாம். அம்மாவுக்கு சுத்தமா இருந்துச்சு. ஓட்டை போட்டுதான் எடுத்தாங்க, ஆனா பை கிழிஞ்சு பித்தம் வயித்துக்குள்ள சிந்திடக்கூடாதுன்னு பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு வெளிய இழுத்தாங்க, ஒருவேளை கேன்சரா இருந்தா சிந்துன இடமெல்லாம் பரவும்னு. பாலிப்ப மட்டும் எடுக்க முடியாதான்னு நானும் கேட்டேன், பித்தப்பை சுவர் ரொம்ப மெல்லிசு, அதுல ஒரு இடத்த மட்டும் சுரண்டி எடுக்குற வழக்கமே இல்லயாம்.

பையாப்ஸில வந்தது அடினோமயோமட்டோசிஸ். சுவரே தடிச்சு உள்ள குட்டி குட்டி பைகளா போறது, கேன்சர் இல்ல. அவ்ளோதான், சித்தப்பா ஆரம்பிச்சுட்டார், "ஒண்ணுமில்லாததுக்கு அறுத்துட்டீங்களேடா, ஆப்பிள் ஜூஸ் குடிச்சிருந்தா கரைஞ்சிருக்கும்"னு. ஆப்பிள் ஜூஸுக்கு பாலிப்பும் கரையாது, சுவரும் கரையாது. இந்த அடினோமயோமட்டோசிஸ் ஸ்கேன்ல தெளிவா தெரிஞ்சா, அந்த குட்டி பைகளுக்கு பின்னாடி வால் நட்சத்திரம் மாதிரி கோடு விழும், வலி இல்லன்னா அப்ப சும்மா விட்டுடலாம்னு சர்ஜனே சொன்னார். அம்மாவுக்கு அந்த கோடு தெரியல. கேன்சரா இல்லயான்னு பையாப்ஸிலதான் தெரியும், பைய எடுக்காம பையாப்ஸி கிடையாது, அப்ப 64 வயசு ஆளுக்கு கையில இருந்த ரிப்போர்ட்ட வச்சுத்தான முடிவு பண்ண முடியும்? இன்னைக்கு அதே ரிப்போர்ட் வந்தாலும் அதேதான் பண்ணுவோம். எங்க காசு, எங்க அம்மா.

காசுன்னதும் ஞாபகம் வருது. இன்சூரன்ஸ் இருந்தும் ஒத்த ரூபா வரல. பாலிசி எடுத்து 24 மாசம் ஆகாம பித்தப்பை ஆபரேஷனுக்கு குடுக்க மாட்டாங்களாம், கண்புரை, ஹெர்னியாவோட அதுவும் அந்த காத்திருப்பு லிஸ்ட்ல இருக்காம். ஏஜென்ட் சார் வீட்ல வந்து டீ குடிச்சுட்டு கையெழுத்து வாங்குனப்ப இத பத்தி மூச்சு விடல. கேட்டா "பாலிசி புக்ல இருக்கே சார்"ங்கிறார். அந்த எழுத்து சைஸுக்கு மைக்ரோஸ்கோப் வேணும். உங்க பாலிசில அந்த பக்கத்த இன்னைக்கே எடுத்து படிங்க.

உங்களுக்கு 36 வயசு, 5 மிமீ. இந்த சைஸ்ல இருக்கிறது பெரும்பாலும் கொழுப்பு சுவர்ல ஒட்டிக்கிட்டு நிக்கிற கொலஸ்ட்ரால் பாலிப்தான், அது கேன்சரா மாறாது. வெறும் வயித்து ஸ்கேன்ல சுவர் நார்மல்னு வந்துச்சுன்னா ஆபரேஷன் பேச்சே வேணாம்னுதான் எனக்கு தோணுது, டாக்டர் ஜாக்கிரதையான ஆளா இருந்தா ஆறு மாசம், ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல பாக்கச் சொல்வார், வளரலன்னா அதோட விட்டுடலாம். அடுத்த ஸ்கேன முடிஞ்சா அதே சென்டர்ல எடுங்க, 1 மிமீ வித்தியாசம் அளக்குற கையிலயே வரும், 5 அடுத்த தடவ 6ஆனா வளந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ரிப்போர்ட்ல காம்பு இருக்கா இல்லயான்னு எழுதலன்னா எழுதி தரச்சொல்லி வாங்கிட்டு வாங்க, கேட்டா போடுவாங்க.