ஆசிரியர் தின நன்றி, 70 சதவீதத் தள்ளுபடி: கேள்வி பதில்

மூன்று வருஷம் சென்னையில், இணையப் பாடங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில், ஆசிரியர் தினத்துக்கு நன்றி சொல்லித் தள்ளுபடியை நீட்டும் செய்திகளை எழுதிக் கொடுத்தவன் நான். இப்போது காட்பாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். செப்டம்பர் 5 நெருங்கினால் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தக் கேள்விகளும் எழுதி அனுப்பியவையும் இங்கே.

"5,000 ரூபாய்ப் பாடம் 1,500-க்கு என்று வந்திருக்கிறது. GURU70 என்று கோட் போடச் சொல்கிறார்கள். நிஜமாகவே 3,500 ரூபாய் குறைகிறதா?" (குடியாத்தம், கணித ஆசிரியை)

டீச்சர், நீங்கள் அனுப்பிய அதே பாடத்தை வைத்தே பார்த்தேன். பிரவுசரில் மறைநிலைச் சன்னலைத் திறந்து, லிங்க் வழியாகப் போகாமல் பாடத்தின் பெயரைத் தேடிப் பிடித்தேன். கோட் எதுவும் போடவில்லை. 5,000 அடித்துவிட்டு, பக்கத்தில் 1,600 என்று இருந்தது. அதாவது வழிப்போக்கனுக்கே 1,600. ஆசிரியர் என்பதற்காக உங்களுக்குக் கிடைத்த சலுகை 100 ரூபாய்தான்.

அந்த 5,000 எங்கிருந்து வந்தது? நான் வேலை செய்த இடத்தில் அடிக்கப்பட்ட விலையில் யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. அடிப்பதற்காகவே போடும் விலை அது. செய்தியை ஜூலையிலேயே எழுதி வைப்போம். தீபாவளிக்கு அதிலேயே 'ஆசிரியர்' என்ற இடத்தை மாற்றி அனுப்புவோம்.

இனி பணம் கட்டும் பக்கத்துக்கு வாருங்கள். 1,500-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 270. ஆக 1,770. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'சான்றிதழ் 300' என்று ஒரு கட்டம், ஏற்கெனவே டிக் போட்டபடி. அதற்கும் வரி 54. மொத்தம் 2,124. கையில் வந்த 100 ரூபாய்ச் சலுகையை அந்த ஒரு டிக் விழுங்கிவிட்டு மேலே 254 ரூபாய் கேட்கிறது. டிக்கை எடுங்கள். நீங்கள் கேட்காததைக் கூடையில் சேர்ப்பதும், விலையைக் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைப்பதும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-லேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது. புகாருக்கு 1915.

பாடம் நல்ல பாடமா என்றால், முதல் இரண்டு வீடியோ இலவசமாகத் தெரிகிறது, பரவாயில்லை. 1,770 கொடுக்கலாம் என்று தோன்றினால் வாங்குங்கள். 3,500 மிச்சம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

"லிங்கை அழுத்தலாமா?" (ஆம்பூர்)

எஸ்எம்எஸ் என்றால் முதலில் அனுப்பியவர் பெயரைப் பாருங்கள் சார். கடைசியில் -P என்று முடிந்தால், விளம்பரம் என்று பதிவு செய்து முறையாக அனுப்பியது. உள்ளே எத்தனை முறை 'நன்றி' இருந்தாலும் அது விளம்பரம்தான். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருந்தால் தொடவே வேண்டாம், 1909-க்குப் புகார் செய்யுங்கள். எப்படி வந்தாலும், லிங்கை விட்டுவிட்டு நிறுவனத்தின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து போவதுதான் என் பழக்கம். நல்ல கோட் அங்கேயும் வேலை செய்யும்.

"பூட்டுப் படம் இருந்தால் தளம் நம்பகமானது என்று எங்கள் கம்ப்யூட்டர் சார் சொன்னார்." (வாலாஜா)

பாதி சரி. நடுவழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்குத்தான் பூட்டு. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது. திருட்டுத் தளத்திலும் பூட்டு தொங்கும்.

"நான் ஆசிரியர் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? யாரிடமும் எண்ணைக் கொடுக்கவில்லையே." (அணைக்கட்டு)

கொடுத்திருப்பீர்கள் மேடம். 2020 ஊரடங்கில் இலவச வெபினார், கலந்துகொண்டால் இ-சான்றிதழ் என்று எத்தனை படிவம் நிரப்பினோம்? பெயர், பள்ளி, பாடம், வாட்ஸ்அப் எண், எல்லாம் அதில் இருந்தது. நாங்களும் அப்படித்தான் சேர்த்தோம். பெயர் விடுபட்ட வரிசைகளுக்கு 'அன்புள்ள ஆசிரியர் ,' என்று போகும். காற்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். அங்கேதான் உங்கள் பெயர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"லிங்கைத் தொட்டால் பணம் போய்விடுமா?" (திருவலம்)

ஆம்பூர் சாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

"எனக்கு மே மாதமே ஆசிரியர் நன்றிச் சலுகை வந்தது. போலியா?" (ஆற்காடு)

இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஆசிரியர் பாராட்டு வாரம் மே மாதம். உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5. வெளிநாட்டுக் கம்பெனி என்றால் அவர்கள் நாள்காட்டிப்படி வரும்.

"தம்பி, ராதாகிருஷ்ணன் நம் வட ஆற்காட்டு மண்ணில் பிறந்தவர். அவர் பிறந்தநாளை வைத்துக் கடை விரிப்பதே எனக்குப் பிடிக்கவில்லை." (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேலூர்)

ஐயா, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு, அந்தக் கடையில் சம்பளம் வாங்கியவன் என்றாலும். ஊரீசு கல்லூரியில் படித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். வேலூர்க்காரர்கள் எல்லாவற்றையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்." (அரக்கோணம்)

இன்றைக்குத் திருவள்ளூர்தான். அவர் பிறந்தது 1888-ல், அப்போது வட ஆற்காடு. அந்த மாவட்டத்துக்குத் தலைநகரமே சித்தூர். 1911-ல்தான் சித்தூர் தனி மாவட்டம் ஆனது.

"அப்படியென்றால் ஆந்திராக்காரர்களும் உரிமை கொண்டாடலாமே?" (அரக்கோணம், மறுபடியும்)

கொண்டாடுகிறார்கள். திருத்தணி சித்தூரோடு ஆந்திராவுக்குப் போய், 1960-ல் திரும்ப நம்மிடம் வந்தது. இதைத் தொட்டதும் இன்னும் ஆறு பேர் எழுதிவிட்டார்கள், ம.பொ.சி.யின் போராட்டம் பற்றி ஒருவர் இரண்டு பக்கம். நான் கோட் பார்க்க வந்தவன். தலைமையாசிரியர் ஐயாவும் அரக்கோணத்தாரும் நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

"விளம்பரமே என்றாலும் அந்த நன்றி மதிப்பாகத்தான் இருக்கிறது. மற்ற நாளில் எங்களை யார் நினைக்கிறார்கள்?" (தனியார் பள்ளி ஆசிரியை, சத்துவாச்சாரி)

தலைமையாசிரியருக்கு நேர் எதிர்ப்பக்கம். இதற்கு என்னிடம் பதில் இல்லை டீச்சர். மதிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒன்று மட்டும் சொல்வேன்: ஆசிரியர்க்கு மட்டும் என்கிறார்களே, பள்ளி அடையாள அட்டை கேட்டார்களா? கேட்காவிட்டால் அந்தக் கோட் பால்காரருக்கும் வேலை செய்யும்.

"என் மகன் கல்லூரி ஐடியில் மாணவர் சலுகை வருகிறதாம். அதில் நான் படிக்கலாமா?" (காட்பாடி)

கேள்வி ஆசிரியர் தினம் பற்றி. மகனிடம் கேளுங்கள், விதிமுறையில் ஒரு கணக்கு ஒருவருக்குத்தான்.

"இந்தச் சான்றிதழ் இன்கிரிமென்டுக்கு உதவுமா?" (அரசுப் பள்ளி, கே.வி.குப்பம்)

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள். சான்றிதழுக்காக என்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தைப் பாருங்கள். படிப்பது இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

"லிங்க் வந்திருக்கிறது, அழுத்தலாமா?" (பேரணாம்பட்டு)

ஆம்பூர்.

"ஏழு நாள் இலவசம் என்று போன வருஷம் சேர்ந்தேன். மாதம் 399 போய்க்கொண்டே இருக்கிறது. ஆப்பை அழித்துவிட்டேன், அப்படியும் நிற்கவில்லை." (குடியாத்தம்)

ஆப்பை அழித்தால் ஆப் மட்டும்தான் போகும். நீங்கள் கொடுத்த அனுமதி உங்கள் யுபிஐ செயலியில் உயிரோடு இருக்கிறது. அதில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து, அந்த நிறுவனத்தின் பெயரைத் தொட்டு ரத்து செய்யுங்கள், யுபிஐ பின் கேட்கும். அப்புறம் அவர்கள் தளத்திலும் சந்தாவை நிறுத்துங்கள், இரண்டும் வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும். எஸ்எம்எஸ் பெட்டியில் தேடுங்கள், தள்ளுபடிச் செய்திகளுக்கு நடுவே புதைந்திருக்கும். பன்னிரண்டு மாதத்துப் பணம் 4,788 திரும்புமா என்பது அவர்கள் விதியைப் பொறுத்தது. மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம்.