மெமோவில் தேதியைப் பாருங்கள், லட்ச ரூபாயை அப்புறம் பார்க்கலாம்

வக்கீல் சார், எனக்கு ஏற்காட்டில் சின்னத் தோட்டம். 700 கிலோ மிளகை சேலம் லீ பஜார் வியாபாரி ஒருவருக்குக் கொடுத்தேன். அப்பா காலத்திலிருந்து பழக்கம். 4,76,000 ரூபாய்க்கு பிப்ரவரி 10 தேதியிட்டு செக் கொடுத்தார். பணம் இல்லை என்று திரும்பிவிட்டது. திரும்பிய காரணத்தை எழுதிப் பேங்க் தந்த மெமோவில் பிப்ரவரி 13 என்று இருக்கிறது, ஆனால் 17-ஆம் தேதிதான் பேங்கில் கையில் கொடுத்தார்கள். அதற்கு என் கணக்கிலிருந்தே 177 ரூபாய் பிடித்துவிட்டார்கள். கேட்கப் போனால் கடைப் பையன்கள் முன்னால் மரியாதை இல்லாமல் பேசினார், புதுக் கார் வேறு வாங்கியிருக்கிறார். இப்போது, “ஒரு லட்சம் ஜிபேயில் போடுகிறேன், மார்ச் 20-க்கு மேல் அதே செக்கை மறுபடி போடுங்கள்” என்கிறார். சம்மதிக்கலாமா?

சம்மதிக்காதீர்கள். அவர் இதைத் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அப்படியே செய்தால் உங்கள் கையில் இருக்கும் கேஸ் போய்விடும்.

காரையும் கடையில் பேசிய பேச்சையும் விட்டுவிடுங்கள். கோர்ட்டில் அதற்கு வேலை இல்லை. மெமோவை எடுத்து முன்னால் வையுங்கள். செக் நம்பரும் தொகையும் உங்கள் செக்கோடு ஒத்துப்போகிறதா, காரணம் ஒன்றே ஒன்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறதா, பேங்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையுள்ள மெமோ இருந்தால் செக் திரும்பியது உண்மை என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. உங்களுடையதில் ‘ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்’. செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138-ஆம் பிரிவுக்கு இதைவிட நேரான காரணம் கிடையாது. எழுத்திலும் எண்ணிலும் தொகை வேறுபடுகிறது என்பதுபோல வந்திருந்தால், பணம் கேட்டு அவருக்கு நோட்டீஸ் விடும் பேச்சுக்கு முன் செக்கைத் திருத்தி வாங்குங்கள் என்றிருப்பேன். அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

உங்கள் சிக்கல் தேதி. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நீங்கள் 17-ஆம் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள். மெமோ எப்போது கைக்கு வந்தது என்று பேங்க் எழுதிக் கொடுத்திருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. போதாததற்கு, செக் திரும்பிய அன்றே உங்கள் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்திருக்கும், பாஸ்புக்கில் பற்று விழுந்திருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்தப் பாஸ்புக்கைத்தான். அதனால் 13-ஐ வைத்தே எண்ணுங்கள். அந்த நாளை விட்டுவிட்டு, 14 முதல் நாள் என்றால், முப்பதாவது நாள் மார்ச் 15. அவர் உங்களைக் காத்திருக்கச் சொல்வது 20 வரை. புரிகிறதா?

“செக்தான் மூன்று மாதம் செல்லுமே, மே மாதம் வரை மறுபடி போடலாமே” என்று யாராவது சொல்வார்கள். தப்பில்லை. முதல் முறை திரும்பியபோது நோட்டீஸ் விடாமல் போனாலும், செக் காலாவதியாவதற்குள் மறுபடி போட்டு, இரண்டாவது மெமோவை வைத்து வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது. அவர் பணமே தராமல் 20-ஆம் தேதி வரை பொறுக்கச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பதறமாட்டேன்.

பதற வைப்பது அந்த ஒரு லட்சம். அது உங்கள் கணக்கில் ஏறியதும் கடன் 3,76,000 ஆகிவிடும். செக்கில் இருப்பதோ 4,76,000. அதை அப்படியே மறுபடி போட்டால், இல்லாத கடனுக்கும் சேர்த்துச் செக் போட்டவராகிறீர்கள். இடையில் ஒரு பகுதி வந்த பிறகு, அதைச் செக்கிலேயே குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பினால் 138 குற்றமே ஆகாது என்று 2022-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. பணம் வாங்கியது நல்ல எண்ணத்தில்தான் என்று நீங்கள் சொல்லலாம், ஜிபே பதிவு அவருக்குத்தான் சாட்சி சொல்லும். முதல் மெமோவின் கெடு மார்ச் 15-ஓடு போயிருக்கும், இரண்டாவது மெமோ செல்லாது. என்னிடம் வரும் செக் கேஸ் கட்டுகளில் பாதி இப்படிக் கெட்டுப்போய்த்தான் வருகின்றன. ஏமாற்றுக்காரரிடம் சிக்கியவர்களைவிட, பழகிய ஆளிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டே வந்தவர்கள்தான் அதிகம்.

செக்கில் குறிப்பு எழுதிப் போட்டால் என்ன என்பீர்கள். சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் இப்போது கிளியரிங் நடப்பது செக்கின் படத்தை வைத்து. குறிப்பைப் படித்துவிட்டு மீதியை மட்டும் பாஸ் செய்ய எந்த கவுன்டரும் முன்வந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே நோட்டீஸ் முதலில், பேச்சு அப்புறம். அவரிடம், “முதலில் ஒரு நோட்டீஸ் வரும், கோபிக்க வேண்டாம், பணம் பிறகு போடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். நோட்டீஸில் கேட்க வேண்டிய தொகை 4,76,000, ஒரு ரூபாய் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அந்த 177 ரூபாய், 150 கட்டணமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தது. செக் திரும்பினால் போட்டவரிடமும் பேங்குகள் கட்டணம் பிடிக்கின்றன, கொடுத்தவர் கணக்கிலும் பிடித்திருப்பார்கள். எரிச்சல்தான். அதற்காக 4,76,177 என்று கூட்டி எழுதிவிடாதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் தனி வரியில், இது செக் தொகை அல்ல என்று தெரியும்படி கேளுங்கள். ஒரு கோடி செக்குக்கு நோட்டீஸில் இரண்டு கோடி என்று இருந்ததை டைப்பிங் பிழை என்றார்கள். உச்ச நீதிமன்றம் 2025-இல் அதை ஏற்கவில்லை, வழக்கே போனது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 177-ஐ மறந்துவிடுவேன்.

நோட்டீஸ் போன பிறகு அவர் லட்சத்தைப் போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதும் கொடுங்கள். நோட்டீஸ் அவர் கைக்குக் கிடைத்து 15 நாளுக்குள் முழுசாகக் கட்டாதவரை உங்கள் வழக்கு செல்லும். அதற்கப்புறம் மனுப் போட ஒரு மாதம். அதில் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வசதி கிடையாது.

அப்புறம், வழக்கு இருக்கிறது என்பதற்காக நடத்தியே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஏற்காட்டிலிருந்து வாய்தாவுக்கு வாய்தா மலை இறங்கி ஏறுவது மிளகு விலைக்குக் கட்டாது. மீதி 3,76,000-ஐ இரண்டு மூன்று தவணையில் பேங்க் வழியாகத் தருகிறேன் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளுங்கள், வட்டியை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. ஆனால் சமரசம் என்று எழுதிப் புதுச் செக் வாங்கினால், பழைய செக் கேஸ் அத்தோடு முடிந்தது. புதுச் செக்கும் திரும்பினால் அதன் மேல்தான் நடவடிக்கை, இரண்டையும் சேர்த்து நடத்த முடியாது என்று 2021 தீர்ப்பு இருக்கிறது. அதனால் செக்காக வேண்டாம், கணக்கில் வரவாகக் கேளுங்கள்.

இதைப் படிப்பதற்குள் ஒரு லட்சம் வந்துவிட்டதா? அப்படியென்றால் செக்கை மறுபடி போடவே போடாதீர்கள். மெமோ, ஒரிஜினல் செக், அந்த வரவின் ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு 15-ஆம் தேதிக்குள் உங்கள் வக்கீலிடம் போய், வந்த பணத்தை மறைக்காமல் நோட்டீஸில் எழுதச் சொல்லி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.