மண் மிச்சமா, பற்றாக்குறையா? மூன்று கேள்விகள்

ஒரகடம் பக்கம் ஷெட்டுக்கு இடத்தைச் சமப்படுத்துகிறோம். ரிப்போர்ட்டில் வெட்டு 12,000 கன மீட்டர், நிரப்பு 11,400. மிச்சம் 600 இருக்கும்போது கான்ட்ராக்டர் வெளியிலிருந்து மண் வாங்கச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா சார்?

இல்லை, அவர் சொல்வதுதான் சரி. அந்த 12,000 தரையில் கிடக்கிற மண்ணின் அளவு, 11,400 ரோலர் ஓட்டி இறுக்கியபின் வேண்டிய அளவு, இரண்டையும் அப்படியே கழிக்கக் கூடாது. நீங்கள் அனுப்பிய லேப் தாளில் கோர் கட்டர் சோதனைப்படி தரை மண்ணின் உலர் அடர்த்தி 1.55, ப்ராக்டர் சோதனையில் அதிகபட்சம் 1.84. ஒப்பந்தம் அந்த அதிகபட்சத்தில் 95 சதவீதம் கேட்கிறது, அதாவது 1.75. 1.55-ஐ 1.75-ஆல் வகுத்தால் 0.886, கிட்டத்தட்ட 11 சதவீதம் சுருக்கம். ஆக 12,000 வெட்டினால் இறுகிய நிலையில் 10,630 தான் கிடைக்கும், 770 குறைகிறது. புல்லும் வேருமாக இருக்கிற மேல்மண்ணையும் அந்த 12,000-இல் சேர்த்திருந்தால் (பலர் சேர்த்துவிடுகிறார்கள்) பற்றாக்குறை இன்னும் கூடும், கழித்துவிட்டுப் பாருங்கள்.

Civil 3D-யில் Cut Factor 1.25 கொடுத்தேன், 3,600 மிச்சம் காட்டுகிறது. தோண்டினால் மண் உப்பும்தானே?

உப்பும், ஆனால் உப்பின மண் லாரியில்தான் இருக்கும், ரோலருக்கு அடியில் இருக்காது. 1.25 என்பது எத்தனை லோடு என்று எண்ணுவதற்கு. சமநிலை பார்க்க மேலே சொன்ன மண்ணுக்கு Cut Factor 0.886, Fill Factor 1 என்று போடுங்கள், 770 பற்றாக்குறை என்று சரியாக வரும். இன்னொரு குழப்பமும் இருக்கிறது: பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கக் களிமண்ணுக்கு லேபில் தரும் 'ஃப்ரீ ஸ்வெல்' எண் தண்ணீர் பட்டால் மண் எவ்வளவு வீங்கும் என்பது, அதை எடுத்து Cut Factor கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். அது அதிகமாக இருந்தால் அந்த மண் தரைக்கு அடியில் நிரப்பவே ஆகாது, வெட்டுக் கணக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

அந்த 770-க்கு எத்தனை யூனிட் சொல்வது?

வாங்குகிற மண்ணும் இதே ரகம் என்று வைத்துக்கொண்டால், 770-ஐ 0.886-ஆல் வகுக்க 870, லாரியில் 25 சதவீதம் உப்பி சுமார் 1,090 கன மீட்டர். யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர், ஆக 385 யூனிட். கிராவல் வாங்கினால் அதன் அடர்த்தியை வைத்துத் திரும்பப் போட வேண்டும். பில்லை மட்டும் லோடு எண்ணிக் கொடுக்காதீர்கள், டிப்பர் கும்பலாக வருமா தட்டையாக வருமா என்று தினமும் சண்டை வரும். இறுக்கினபின் லெவல் எடுத்துக் கொடுப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.