புவர், பெஸ்ட், செகண்ட்: முன்னால் ‘தி’ எப்போது?

“ஆங்கிலத்தில் தி புவர், தி பெஸ்ட், தி செகண்ட் என்றெல்லாம் எழுதும்போது ‘தி’ கட்டாயமா? சில இடங்களில் அது இல்லாமலும் பார்க்கிறேனே?”

மூன்றுக்கும் ஒரே விதி கிடையாது. தனித்தனியாகப் பாருங்கள்.

‘தி புவர்’ என்பதில் ‘தி’ போனால் பொருளே போய்விடும். ‘புவர்’ என்பது வெறும் பெயரடை. ‘தி’ முன்னால் வந்து நிற்பதால்தான் ‘ஏழைகள்’ என்ற கூட்டம் கிடைக்கிறது. நான் முதன்முதலில் எழுதிய வேலை விண்ணப்பத்தில் ‘ஹெல்ப் புவர்ஸ்’ என்று போட்டிருந்தேன். தமிழில் ‘ஏழைகள்’ என்று ‘கள்’ சேர்க்கிறோம் இல்லையா, அந்தப் பழக்கம். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லோடு ‘ஸ்’ சேராது. ஆனாலும் அது பன்மைதான், அதனால் ‘தி புவர் ஆர்’ என்றுதான் வரும், ‘இஸ்’ வராது. ஒரே ஒரு ஏழையைச் சொல்ல ‘எ புவர் மேன்’ என்று பெயர்ச்சொல்லைச் சேர்க்க வேண்டும். ‘புவர் பீப்பிள்’ என்று பெயர்ச்சொல் பின்னால் வந்துவிட்டால், பொதுவாகச் சொல்லும்போது ‘தி’ தேவையில்லை. ‘ரிச் அண்ட் புவர்’ என்று ஜோடியாக வரும்போதும் ‘தி’ இல்லாமல் எழுதுவது உண்டு.

‘பெஸ்ட்’, ‘டீப்பஸ்ட்’ போன்ற உச்ச அடைகளில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு ஏரியை எடுத்துக்கொள்வோம். ‘திஸ் லேக் இஸ் தி டீப்பஸ்ட்’ என்றால், மற்ற ஏரிகளோடு ஒப்பிட்டு இதுதான் மிக ஆழம் என்று பொருள். ‘தி லேக் இஸ் டீப்பஸ்ட் ஹியர்’ என்றால், அதே ஏரியின் மற்ற இடங்களைவிட இந்த இடத்தில் ஆழம் அதிகம் என்று பொருள். ஒரு பொருளை அதனோடேயே ஒப்பிடும் இந்த இரண்டாவது வாக்கியத்தில், ‘டீப்பஸ்ட்’டுக்கு முன்னால் ‘தி’ போட்டால் தவறு. எழுதும்போது ‘எவற்றுள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஏரிகளுள்’ என்று வேறு ஏரிகள் பதிலாக வந்தால் ‘தி’ போடுங்கள். ‘இதே ஏரிக்குள்’ என்று வந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், ‘மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’ என்பதில் ‘மை’ ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதால் ‘தி’க்கு இடமில்லை. ‘மோஸ்ட் பீப்பிள்’ என்பதற்குப் ‘பெரும்பாலானோர்’ என்று பொருள், அதற்கும் ‘தி’ கிடையாது.

சரி, ‘செகண்ட்’. வரிசையில் இரண்டாவதாக இருப்பதைச் சுட்டினால் ‘தி செகண்ட் லெட்டர்’. ஏற்கெனவே ஒன்று இருக்க, இன்னும் ஒன்று என்று சொல்ல வந்தால் ‘எ செகண்ட் லெட்டர்’. மொத்தம் இரண்டுதானா, மூன்றாவது உண்டா என்ற கேள்வியே இதில் எழுவதில்லை. ‘எ செகண்ட் சான்ஸ்’ என்பது இந்த வகைதான். பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள் என்பதற்கு ‘ஷி கேம் செகண்ட்’ என்றாலே போதும்.